ஆள் போகலாம், வெளிச்சக் கோடு போகக்கூடாது

இரவில் ஷட்டரை 30 செக்கன் திறந்து வைத்து ஒரு வீதியைப் படமெடுத்தால், அதில் இரண்டு வகையான அசைவுகள் பதியும். வாகனங்கள் காணாமல் போய்விடும். அவற்றின் விளக்குகள் மட்டும் சிவப்பும் வெள்ளையுமாய் நீளக் கோடுகளாக நிற்கும். ஆக்களோ பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும், பின்னால் இருக்கிற கடைக் கதவு வயிற்றுக்குள்ளால் தெரிய, ஆவி மாதிரி நிற்பார்கள். கோடுகள் எங்களுக்கு வேணும். ஆவிகள் வேண்டாம். ஆனால் இரண்டும் பல இடங்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாய்க் கிடக்கும். ஆவியை அழிக்கப் போனால் கோடும் சேர்ந்து அழியும்.

நாங்கள் மூன்று பேர் கொஞ்சக் காலமாக யாழ்ப்பாணத்தை இரவில் படமெடுத்து வருகிறோம். ஆஸ்பத்திரி வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்து எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த நேரம் அவ்வளவு சனம் நிண்டிருக்குமே, எப்பிடி எடுத்தனீங்கள்?" அந்த ஒரு படத்தை வைத்தே பதில் சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் ஆவி எப்படிப் பதிகிறது எண்டு விளங்க வேணும். ஒருவர் 30 செக்கனில் 6 செக்கன் ஒரு இடத்தில் நிற்கிறார் எண்டு வையுங்கோ. அந்த இடத்தில் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருடையது, மிச்சம் நாலு பங்கு அவருக்குப் பின்னால் இருக்கும் சுவருடையது. அதனால்தான் அவர் ஊடே சுவர் தெரிகிறது. நிற்காமல் நடந்து போனவர் ஒரு இடத்தில் அரைச் செக்கன்கூட இருக்கமாட்டார். அவர் பெரும்பாலும் பதியவே மாட்டார். ஆகவே ஆவியாகிறது நடந்தவர் இல்லை, கொஞ்ச நேரம் நின்றவர்தான்: ரோட்டைக் கடக்கக் காத்து நின்றவர், ஃபோன் பார்த்தவர், தெரிந்த முகத்தைக் கண்டு கதைக்க நின்றவர்.

வெளிச்சக் கோடு வேறு விதமாகப் பதிகிறது. மணிக்கு 36 கிலோமீற்றரில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் 10 மீற்றர் போகும். ஒரு ஆளின் அகலத்தைத் தாண்ட அதன் விளக்குக்கு ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு போதும். அந்தக் கணத்தில் விளக்கு நேரடியாகக் கமராவுக்குள் அடிப்பதால் கோடு முழுப் பிரகாசத்தில் எழுதப்பட்டு விடுகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் யார் வந்து நின்றாலும் அது அழியாது. ஆவியின் நெஞ்சுக்குள்ளால் சிவப்புக் கோடு ஓடுவது இதனால்தான். கோடு ஒரு கணத்தில் எழுதப்படுகிறது, ஆவி பல செக்கன்களில் எழுதப்படுகிறது. இந்த வித்தியாசம்தான் இரண்டையும் பிரித்தெடுக்க எங்களுக்குக் கிடைக்கும் பிடி.

இந்த வேலையில் பாதி ஷட்டரை அழுத்தும்போதே முடிந்துவிட வேணும். ஒரு படம் மட்டும் எடுத்து வந்தால் ஆவிக்குப் பின்னால் என்ன இருந்தது எண்டு கமராவுக்கே தெரியாது. நாங்கள் ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் 11 படங்கள் எடுத்தோம்: f/11, ISO 100, ஒவ்வொன்றும் 30 செக்கன். ஃபோகஸ் கையால் பிடித்து அப்படியே விட்டது. வைற் பலன்ஸும் ஒரே எண்ணில் பூட்டியது. எல்லாம் RAW. படத்துக்குப் படம் ஷட்டர் நேரத்தைக் குறைத்து ISO-வைக் கூட்டினால் வேகமாக முடியுமே எண்டு கேட்கலாம். முடியும், ஆனால் கோடுகள் கெட்டுப்போகும். சுவரின் பிரகாசம் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓடும் விளக்கின் கோட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. விளக்கு அந்த இடத்தைத் தாண்டுகிற கணத்தில் அப்பேச்சரும் ISO-வும் என்னவோ, அதுதான் கோட்டின் பிரகாசம். 4 செக்கனுக்கு இறங்கி ஈடுகட்ட f/8, ISO 400 வைத்தால் சுவர் அப்படியே இருக்கும், கோடோ எட்டு மடங்கு பிரகாசமாகிச் சிவப்பெல்லாம் வெள்ளையாய் வெளிறிவிடும்.

அடுத்தது அசையாமை. மேல்மாடிக்குப் போனதற்கு முதல் காரணம் காட்சி இல்லை, அதிர்வு. கீழே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனால் ரோட்டோரத்தில் வைத்த முக்காலி நடுங்கும். கொங்கிறீற் மாடியில் அது குறைவு. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை நிறுத்தி, 2 செக்கன் டைமர் வைத்தோம். கமராவில் இருக்கும் நீண்ட ஷட்டருக்கான இரைச்சல் குறைப்பையும் நிறுத்தினோம். அது இயங்கினால் ஒவ்வொரு 30 செக்கன் படத்துக்குப் பிறகும் கமரா இன்னொரு 30 செக்கன் சும்மா இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் 11 படங்களுக்கும் RAW-இல் ஒரே திருத்தம் மட்டும் கொடுத்து TIFF ஆக்கினோம். பிறகு இரண்டு கட்டளைகள். முதலாவது Hugin என்ற இலவச மென்பொருளோடு வருவது. படங்களை ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருத்தும். இரண்டாவது ImageMagick.

```
align_image_stack -a al_ *.tif
magick al_*.tif -evaluate-sequence median clean.tif
```

இரண்டாவது கட்டளை செய்வது சின்ன விசயம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 11 படங்களிலும் உள்ள 11 பெறுமானங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த இடையம்தான். சராசரி எடுத்தால் ஒரு படத்தில் நின்றவர்கூட மங்கலாய் மிஞ்சுவார். இடையத்தில் அப்படியில்லை. ஒரு இடத்தில் 11 படங்களில் ஐந்தில் ஆள் நின்றாலும், மிச்சம் ஆறில் சுவர் இருக்குமானால் நடுவில் வருவது சுவர்தான். `clean.tif` திறந்தபோது நடைபாதை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் ரோட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கோடும் வெவ்வேறு வாகனத்தினுடையது, வெவ்வேறு இடத்தில் ஓடியது. இடையத்துக்கு அவையும் வந்து போன ஆக்கள்தான். எல்லாவற்றையும் அழித்து, வாகனம் அடிக்கடி போன தடத்தில் ஒரு மங்கலான சிவப்புப் பூச்சை மட்டும் விட்டிருந்தது.

இடையத்தோடு நிறுத்தினால் ஆவி இல்லாத, ஆனால் உயிரும் இல்லாத படம்தான் கிடைக்கும். எனவே கோடுகளை வேறிடத்தில் இருந்து கொண்டுவர வேணும். 11 படங்களிலும் ஆறாவதில்தான் கோடுகள் நன்றாக விழுந்திருந்தன: இடப் பக்கம் எங்களை விட்டு விலகிப் போன ஓட்டோக்களின் சிவப்பு, வலப் பக்கம் எதிரே வந்த பஸ்ஸின் வெள்ளை. GIMP-இல் `clean.tif`-ஐக் கீழேயும் ஆறாவது படத்தை மேலேயும் இரண்டு லேயராக வைத்தோம்.

கலக்க முதல் ஒரு சோதனை. மேல் லேயரின் மோடை `Difference` ஆக்கிப் பாருங்கோ. இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருக்கிற எல்லாம் கறுப்பாகிவிடும். வேறுபடுகிற கோடுகளும் ஆவிகளும் மட்டும் கறுப்பில் மிதக்கும். கட்டடங்களின் விளிம்புகள் மெல்லிய கோட்டுச் சித்திரம் மாதிரித் தெரிந்தால் படங்கள் சரியாகப் பொருந்தவில்லை எண்டு அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போனால் பிறகு எங்கே மாஸ்க் போட்டாலும் அந்த ஓரத்தில் விளிம்பு இரட்டையாகத் தெரியும். எங்களுடையது நல்ல கறுப்பாக வந்தது. அதோடு எங்கெங்கே ஆவி இருக்கிறது என்பதற்கு ஒரு வரைபடமும் கிடைத்தது. ஆறாவது படத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் நாலு.

இப்போது மோடை `Lighten only`-க்கு மாற்றினோம். இரண்டு லேயரில் எது பிரகாசமோ அதை வைத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். கோடுகள் முழுதாக வந்து இறங்கின. முதலாவது ஆவி அதிலேயே போய்விட்டது. பூட்டிய கடையொன்றின் வெளிர்நிறக் கதவுக்கு முன்னால் கறுப்பு உடுப்போடு நின்றவர் அவர். அவர் நின்ற இடம் கதவைவிட இருட்டு. பிரகாசமானது வெல்லும் என்பதால் கீழ் லேயரில் இருக்கிற வெறும் கதவு வென்றது. இருட்டான ஆவிகளுக்கு இதைவிட வேறு வைத்தியம் தேவையில்லை, பக்கத்தில் ஓடும் கோட்டுக்கும் ஒன்றும் ஆகாது.

கஷ்டம் தந்தது இரண்டாவது ஆள். வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாய் ஒரு ஐயா, ரோட்டைப் பாதி கடந்து நடுவில் நின்றிருந்தார். வெள்ளைத் துணி தார் ரோட்டைவிடப் பிரகாசம். ஆகவே `Lighten only`-இல் அவர்தான் வென்றார். நடைபாதையில் நின்றிருந்தால் மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு அவர் இருந்த இடத்தைக் கறுப்பால் மறைத்திருக்கலாம். ஆனால் அவரின் இடுப்புக்குக் குறுக்காக இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடின. மறைத்தால் கோட்டில் ஒரு ஆள் அகலத்துக்கு ஓட்டை விழும்.

இங்கேதான் கோட்டுக்கும் ஆவிக்கும் உள்ள பிரகாச வித்தியாசம் கைகொடுத்தது. 0 முதல் 255 வரையான அளவில் அந்த இடத்தில் ரோட்டு 40 அளவில் இருந்தது, சேட்டின் ஆவி 90 அளவில், கோட்டின் நடுப்பகுதி 200-க்கு மேல். மேல் லேயரை ஒரு பிரதி எடுத்து, அதில் `Levels` திறந்து கறுப்பு முனையை 95-க்கு நகர்த்தினோம். 95-க்குக் கீழே உள்ள எல்லாம் கறுப்பாகின. சேட்டும் அதோடு போனது, கோடு மட்டும் மிஞ்சியது. இந்தப் பிரதியும் `Lighten only`-இல்தான். பிறகு முதல் மேல் லேயரில் ஐயாவின் உருவத்தை மாஸ்க்கால் மறைத்தோம். பிரதியை அதே உருவத்துக்குள் மட்டும் தெரிய விட்டோம். அவர் போனார், கோடு நின்றது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வெளிச்சக் கோட்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிப்படலம் இருக்கும். வெளியே போகப் போக அது மங்கி ரோட்டோடு கலக்கும். கறுப்பு முனையை ஏற்றும்போது அந்தப் படலத்தின் வெளிப்பகுதியும் வெட்டுப்படும். முழுப் படத்துக்கும் அப்படிச் செய்தால் எல்லாக் கோடும் நியோன் குழாய் மாதிரி விறைத்துப்போய் நிற்கும். அதனால்தான் பிரதியை ஆளின் உருவத்துக்குள் மட்டும் அடக்கினோம். மாஸ்க்கின் ஓரத்தை ஒரு 12 பிக்சல் அளவுக்கு மென்மையாக்கினோம். முனையையும் சேட்டு மறையும் மட்டத்துக்கு மேலே ஒரு எண்கூட ஏற்றவில்லை. சரியாக வந்ததா எண்டு பார்க்க, படத்தை 100 வீதத்தில் வைத்துக் கோட்டின் வழியே மெதுவாகக் கண்ணை ஓட்டிப் பாருங்கோ. ஓரிடத்தில் கோடு திடீரென்று மெலிந்து கூராகத் தெரிந்தால் ஆள் நின்ற இடம் அதுதான் எண்டு படம் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது ஆள் பஸ் நிற்கிற பக்கம் ஃபோன் பார்த்தபடி நின்ற ஒரு பெடியன். அவனின் உருவம் லேசாக மறைந்தது. ஆனால் நெஞ்சு உயரத்தில் நீலம் கலந்த ஒரு குட்டிக் கிறுக்கல் அந்தரத்தில் மிதந்தது. ஃபோன் திரையும் ஒரு விளக்குத்தான், கை அசைய அதுவும் தன் கோட்டை எழுதிவிட்டது. ஆளை எடுத்தால் அவர் விட்ட வெளிச்சத்தையும், நிலத்தில் விழுந்த நிழலையும், மழை பெய்த ரோட்டெண்டால் காலடியில் தெரிகிற பிரதிபலிப்பையும் தேடி எடுக்க வேணும். இப்படியான படங்களில் வேலை பிடிபடுவது பெரும்பாலும் முகத்தில் இல்லை, காலடியில்தான்.

நாலாவது ஆவியே இல்லை, ஒரு வெட்டு. எதிரே வந்த வெள்ளைக் கோட்டில் ஓரிடத்தில் சின்ன இடைவெளி. பஸ் வருகிற அதே கணத்தில் முன்னால் ஒரு சைக்கிள் கடந்திருக்கிறது. கோடு எழுதப்படுகிற கணத்தில் மறைத்ததால் அங்கே கோடே பதியவில்லை. வேறு படத்தில் இருந்து கொண்டுவரவும் ஏலாது, ஏனெனில் இன்னொரு பஸ் அதே தடத்தில் அதே உயரத்தில் ஓடாது. புதிதாக ஒரு வெறும் லேயர் போட்டு, குளோன் கருவியில் `Sample merged` தெரிவுசெய்து, இடைவெளிக்குப் பக்கத்துத் துண்டையே கோட்டின் திசையில் நகர்த்தி ஒட்டினோம். 15 பிக்சல் இடைவெளி என்பதால் தெரியவில்லை. நீளமான வெட்டெண்டால் தெரிந்துவிடும், தூரம் போகப் போகக் கோடு ஒடுங்குவதால் ஒட்டிய துண்டின் தடிப்பு ஒத்துவராது. ஒன்றையும் கவனியுங்கோ: எல்லா இடைவெளியும் பிழை இல்லை. செம்மஞ்சளாய் விட்டுவிட்டு வருவது சிக்னல் விளக்கு. நெருக்கமான புள்ளிகளாய் வருவது வேகமாய் மின்னி மின்னி எரியும் எல்.ஈ.டி. பின்விளக்கு. அவை வாகனத்தின் கையெழுத்து, நிரப்பத் தேவையில்லை.

ஒரே ஒரு படம்தான் கையில் இருக்கிறது எண்டால் இடையம் கிடையாது, குளோன் மட்டும்தான். அப்போதும் கருவியின் மோடை மாற்றினால் கோட்டைக் காக்கலாம். வெள்ளை ஆவிக்கு `Darken only`, கறுப்பு ஆவிக்கு `Lighten only`. கறுப்பு ஆவியின் மேல் ரோட்டைப் பூசும்போது ரோட்டைவிடப் பிரகாசமான கோட்டை `Lighten only` தொடாது. வெள்ளை ஆவியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. `Darken only` கோட்டையும் இருட்டாக்கும் என்பதால் கோட்டின் இரு கரைவரைக்கும்தான் போகலாம், அதைத் தாண்டக்கூடாது.

இனி இந்த முறைக்கு முடியாதது. இடையம் வேலை செய்ய ஒவ்வொரு இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் வெறுமையாய் இருக்க வேணும். பஸ் தரிப்பிடத்தில் அப்படி இல்லை. ஆக்கள் மாறினார்கள், ஆனால் எப்போதும் யாரோ நின்றார்கள். அந்த மூலை மட்டும் `clean.tif`-இல் நிறங்கள் குழம்பிய களி மாதிரி வந்தது. அப்படியான இடத்துக்கு இடையத்தை விட்டுவிட்டு, அங்கே ஆள் குறைந்த ஒரு படத்தைத் தேடி அதிலிருந்து அந்த மூலையை மட்டும் எடுக்கலாம். எங்களுக்கு ஒன்பதாவது படத்தில் கிடைத்தது, பஸ் ஒன்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு எடுத்தது.

அதோடு மிஞ்சியது கச்சான் விற்கிற ஆச்சி மட்டும். நாங்கள் இருந்த முழு நேரமும் அவ தன் இடத்தில் அசையாமல் இருந்தா. 11 படத்திலும் இருந்ததால் இடையத்துக்கு அவ சுவர் மாதிரி, கூராகப் பதிந்திருந்தா. 1838-இல் டகேர் பாரிஸில் எடுத்த ஒரு தெருப் படமும் இப்படித்தான். ஷட்டர் பல நிமிடம் திறந்திருந்ததால் சனமும் வண்டிகளும் ஓடிய தெரு வெறுமையாகப் பதிந்தது. சப்பாத்துக்குப் பொலிஷ் போட நின்ற ஒருவர் தப்பினார். ஓடினவர்கள் மறைந்து, நின்றவர் மிஞ்சுவது பழைய கதை.

ஆச்சியையும் எடுத்துவிடலாமா எண்டு எங்களுக்குள் கதை வந்தது. "எல்லாம் எடுத்தாச்சு, ஒரு ஆள் மட்டும் நிண்டால் அதுதானே கண்ணில குத்தும்" எண்டு ஒருவர் சொன்னார். சொன்னபடி குளோனால் அவவையும் மறைத்து ஒரு பிரதி செய்து பார்த்தோம். அந்தப் பிரதியை எங்களில் ஒருவரின் அம்மா கண்டா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டா, "என்ன பிள்ளையள், ஊரடங்கு நேரமே?"

நாங்கள் பார்த்தது சுத்தமான படம். அவ பார்த்தது வாகனம் மட்டும் ஓடுகிற, சனமில்லாத யாழ்ப்பாண ரோட்டு. அந்தக் காட்சி அவவுக்கு எங்கே இருந்து வருகிறது எண்டு நாங்கள் கேட்கத் தேவையிருக்கவில்லை. நுட்பமாகப் பார்த்தால் அந்தப் பிரதியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வீதியில் அந்த நேரத்தில் நடந்ததுக்கு நேர்மாறான ஒன்றை அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஆச்சி இருக்கிற படத்தைத்தான் வைத்துக்கொண்டோம். ஒன்பதாவது படத்தில் இருந்து எடுத்த பஸ் தரிப்பிட மூலையையும் மாற்றினோம். இரண்டாவது படத்தில் மூன்று பேர் அங்கே வாங்கில் இருந்திருக்கிறார்கள், 30 செக்கனும் அசையாமல். முகம் பிடிபடாத தூரம், ஆனால் ஆக்கள் எண்டு தெளிவாகத் தெரியும். அந்த மூலை இப்போது அதிலிருந்து வருகிறது. அரைகுறையாய்ப் பதிந்தவர்கள் போய்விட்டார்கள், முழுதாய்ப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். படத்தின் கீழே இப்படி எழுதினோம்: "ஒரே இரவில் எடுத்த 11 படங்களில் இருந்து சேர்த்தது. கடந்து போன சிலர் நீக்கப்பட்டுள்ளனர்." செய்திக்கோ ஆவணப்படப் போட்டிக்கோ இதை அனுப்ப ஏலாது, அங்கே படத்திலிருந்து ஆளை நீக்குவதே விதிமீறல். சுவரில் மாட்டலாம்.